எலும்பு சொல்வதும் சொல்லாததும்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள கார்டிஃப் நகரில், 1989 டிசம்பரில், ஒரு வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் மண்வெட்டியில் சுருட்டிக் கட்டிய கம்பளம் ஒன்று தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓர் எலும்புக்கூடு. தலையில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. கொலை என்பதில் போலீசாருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொல்லப்பட்டது யார் என்று தெரியாமல் கொன்றவனைத் தேட வழியில்லை.

எலும்பிலிருந்து கிடைத்த தகவல்கள் கொஞ்சம்தான். இடுப்பெலும்பும் மண்டையோடும் அது பெண் என்றன. பற்களின் வேர் வளர்ச்சியைப் பார்த்த பல் மருத்துவர், வயது ஏறத்தாழ 15 என்றார். உடலோடு கிடைத்த பூச்சிகளின் எச்சங்கள், அது பல ஆண்டுகளாக மண்ணுக்குள் இருந்ததைக் காட்டின. இந்த விவரங்களை வைத்துக்கொண்டு காணாமல்போனவர் பட்டியலைத் தேடலாம்தான். ஆனால் வீட்டைவிட்டு ஓடிப்போன பதின்ம வயதுப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் தேடுவாரற்றவர்களும் உண்டு. கார்டிஃப் போலீசார் அந்த மண்டையோட்டை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் நீவிடம் அனுப்பினார்கள்.

நீவ் மருத்துவப் பாடங்களுக்குப் படம் வரையும் ஓவியர். எகிப்திய மம்மிகளுக்கும், அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப்புக்கு உரியதெனக் கருதப்பட்ட மண்டையோட்டுக்கும் முகம் செய்து பெயர் பெற்றவர். அவர் கையில் உருவான முறையைத்தான் இன்று ‘மான்செஸ்டர் முறை’ என்கிறார்கள். அதன் ஒவ்வொரு படியையும் பார்த்தால், இந்தக் கலையில் எது கணக்கு, எது ஊகம் என்பது தானாகப் பிடிபடும்.

முதல் வேலை நகல் எடுப்பது. உண்மையான மண்டையோடு வழக்கின் தடயம். அதன்மேல் களிமண் அப்ப முடியாது. அச்சு எடுத்து பிளாஸ்டரில் ஒரு பிரதி வார்க்கிறார்கள். இப்போதெல்லாம் சி.டி. ஸ்கேன் எடுத்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிரதி எடுத்துவிடலாம். அந்தப் பிரதியின் குறிப்பிட்ட இடங்களில் — நெற்றி நடு, மூக்கெலும்பின் முனை, மேலுதட்டுக்கு மேல், முகவாய், கன்னம், தாடை மூலை என்று இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகளில் — துளையிட்டுச் சிறு மரக்குச்சிகளைச் செருகுகிறார்கள். ஒவ்வொரு குச்சியும் அந்த இடத்தில் எலும்புக்கு மேல் தோலும் தசையும் கொழுப்பும் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும் என்பதைக் காட்டும். நெற்றி நடுவில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். மூக்கெலும்பு முடியும் இடத்தில் 3. முகவாயில் 11. கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தில் 25ஐத் தொடும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1894இல் ஒரு தேவாலயத் திருப்பணியின்போது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. இசைமேதை பாஃக்கின் எலும்பாக இருக்கலாம் என்று ஊரார் நினைத்தார்கள். அதைச் சோதிக்க முனைந்த உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ், இரண்டு டஜனுக்கும் சற்று அதிகமான சடலங்களின் முகத்தில் ஊசி குத்தி, எலும்பு தட்டும்வரை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்தார். ஊசியில் கோத்த சிறு ரப்பர் வில்லை தோலில் முட்டி மேலேறும். ஊசியை உருவியதும் வில்லைக்கும் முனைக்கும் இடையே உள்ள நீளத்தை அளந்தால் போதும். அந்த அளவுகளைக் கொண்டு கார்ல் செஃப்னர் என்ற சிற்பி மண்டையோட்டுப் பிரதிமேல் பாஃக்கின் தலையை வனைந்தார். ஓவியங்களில் உள்ள பாஃக்கோடு அது பொருந்தியது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஓவியத்தை முன்பே பார்த்துவிட்ட சிற்பியின் கை அதை நோக்கிச் சாயாமல் இருந்திருக்குமா என்று கேட்டவர்கள் அப்போது குறைவு.

அந்தக் கேள்விக்கு 1913இல் ஒரு விடை கிடைத்தது. ஃபான் எக்கலிங் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஒரே மண்டையோட்டின் பிரதிகளை, ஒரே திசு அளவுகளோடு, இரண்டு சிற்பிகளிடம் கொடுத்தார். இறந்தவரின் முகத்தில் எடுத்த அச்சு அவரிடம் இருந்தது, சிற்பிகளுக்குக் காட்டவில்லை. இருவரும் செய்த முகங்கள் ஒன்றோடொன்றும் ஒத்துப்போகவில்லை, அச்சோடும் ஒத்துப்போகவில்லை.

பிறகு அல்ட்ராசவுண்ட் வந்தது, சி.டி., எம்.ஆர்.ஐ. வந்தன. சடலம் காய்ந்து சுருங்குவதால் வந்த பிழைகள் நீங்கின. ஆயிரக்கணக்கான உயிருள்ளவர்களின் அளவுகள் சேர்ந்தன. ஆனாலும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. அட்டவணையில் இருப்பது சராசரி. செய்ய வேண்டியதோ ஒரு தனி மனிதரின் முகம். ஆளைப் பார்க்காமல் ஊர்ச் சராசரிக்குத் தைத்த சட்டை போலத்தான் இது: தோள் சரியாக இருக்கும், வயிறு இடிக்கும். எலும்புக்கு மிக அருகில் தோல் இருக்கும் நெற்றியிலும் மூக்குப் பாலத்திலும் பிழை ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கன்னத்தில் அப்படி இல்லை. ஒரே வயதுள்ள இரண்டு ஆண்களின் கன்னக் கனம் ஒரு சென்டிமீட்டர் வேறுபடுவது அரிதல்ல. அவர் ஒல்லியா குண்டா என்று மண்டையோட்டில் எழுதியிருக்காது. கூட கிடைத்த சட்டை, இடுப்புப் பட்டை, செருப்பு ஏதேனும் இருந்தால் அதிலிருந்து ஊகிக்கலாம். இல்லாவிட்டால் நடுத்தர உடல்வாகு என்று வைத்துக்கொள்வார்கள்.

குச்சிகளை நட்ட பிறகு தசைகள். அமெரிக்காவில் வெகுகாலம் இந்தக் குச்சிகளைக் களிமண் பட்டைகளால் இணைத்து இடைவெளிகளை நிரப்புவதே முறையாக இருந்தது. ரஷ்யாவில் மிகைல் கெராசிமோவ் — 1941இல் சமர்கண்டில் தைமூரின் கல்லறையைத் திறந்த குழுவில் இருந்தவர், தைமூருக்கு முகம் செய்தவர் — சராசரி எண்களைவிடத் தசைகளைத்தான் நம்பினார். நீவ் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரியும் தசை, தாடையை இறுக்கி மெல்லவைக்கும் தசை, வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசை என ஒவ்வொன்றையும் களிமண்ணில் செய்து, உடலில் அது எங்கே தொடங்கி எங்கே முடியுமோ அங்கே வைத்தார். கடைசியில் தோலுக்குரிய மெல்லிய களிமண் பட்டைகள். குச்சி முனைகள் வெளியே துருத்தினாலும், களிமண்ணுக்குள் ஆழப் புதைந்தாலும் ஏதோ தவறு என்று தெரிந்துவிடும்.

மெல்லும் தசை எலும்பில் தடம் விடும். தாடையின் மூலை சொரசொரப்பாக, வெளியே மடிந்து இருந்தால் அங்கே வலுவான தசை பற்றியிருந்தது என்று துணிந்து சொல்லலாம். அகன்ற தாடையை வனையலாம். ஆனால் சிரிக்கவும் முகம் சுளிக்கவும் உதவும் சிறு தசைகளில் பல ஒரு முனையில் தோலோடு ஒட்டியிருப்பவை. அவை எலும்பில் வாசிக்கத் தக்க தடம் எதையும் விடுவதில்லை. ஒருவரை அவராக நாம் அறிவது பெரும்பாலும் அந்தச் சிறு தசைகள் ஓயாமல் செய்யும் அசைவுகளால்தான். களிமண் முகம் எப்போதும் ஒரு மாதிரி வெறித்துப் பார்ப்பதற்குக் காரணம் கலைஞரின் திறமைக் குறைவல்ல. அந்த அசைவை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

இனி கண், மூக்கு, வாய். பார்ப்பவர் முதலில் பார்ப்பதும் இவற்றைத்தான், ஊகம் மிகுந்திருப்பதும் இவற்றில்தான்.

பெரியவர்களின் கண்விழி ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே அளவு. 24 மில்லிமீட்டர் விட்டம். இது கலைஞருக்கு நல்ல வசதி. ஆனால் அதைக் கண்குழியில் எவ்வளவு முன்தள்ளி வைப்பது? பாடநூல்களில் ஒரு விதி இருந்தது. கண்குழியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இணைத்து ஒரு நேர்கோடு போட்டால், விழியின் முன்முனை அந்தக் கோட்டைத் தொட வேண்டும். பல பத்தாண்டுகள் எல்லோரும் இதைப் பின்பற்றினார்கள். 2000க்குப் பிறகு உயிருள்ளவர்களின் கண்களை ஸ்கேனில் அளந்தபோது, விழி அந்தக் கோட்டைத் தாண்டிச் சுமார் 4 மில்லிமீட்டர் வெளியே நிற்பது தெரிந்தது. 4 மில்லிமீட்டர் கேட்கச் சிறிது. கண்ணில் அது, ஆழ்ந்த கண்காரரையும் உருண்டைக் கண்காரரையும் பிரிக்கும் அளவு. அதுவரை செய்த பல முகங்கள் உள்வாங்கிய, நோயாளி போன்ற கண்களோடு இருந்திருக்கின்றன. விழி குழியின் நட்டநடுவில் இருக்கிறது என்று நினைத்ததும் தவறு. அது மேல் பக்கமும் வெளிப்பக்கமும் சற்று ஒதுங்கியே இருக்கிறது.

மூக்கின் கதை இன்னும் சங்கடமானது. முகத்தில் மிகவும் முன்னே நிற்பது அது. அதன் கீழ்ப்பாதியில் எலும்பே கிடையாது. குருத்தெலும்பு மண்ணில் மக்கிவிடும். மண்டையோட்டில் எஞ்சுவது பேரிக்காய் வடிவில் ஒரு துளை மட்டும். அந்தத் துளையின் அகலம் மூக்கு அகலத்தில் சுமார் ஐந்தில் மூன்று பங்கு என்று ஒரு கணக்கு. நுனி எங்கே வரும் என்பதற்குக் கெராசிமோவ் ஒரு வழி சொன்னார்: மேலே மூக்கெலும்பின் கடைசிப் பகுதி போகும் திசையில் ஒரு கோடு, கீழே துளையின் அடியில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பின் திசையில் ஒரு கோடு, இரண்டும் வெட்டும் இடமே மூக்கு நுனி. இதைப் பின்னாளில் சோதித்தவர்கள் ஓரளவு நம்பலாம் என்றே சொன்னார்கள். ஆனால் அந்த முள் மிக மெல்லியது. மண்ணிலிருந்து எடுக்கும்போது முதலில் முறிவது அதுதான். முறிந்துவிட்டால் மூக்கின் நீட்டமும், நுனி மேலே தூக்கியிருந்ததா கீழே வளைந்திருந்ததா என்பதும் கலைஞரின் தீர்மானம்.

வாயின் அகலத்துக்குப் பற்கள் உதவுகின்றன. கோரைப் பற்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், வாயின் அகலத்தில் முக்கால் பங்கு. உதட்டுத் தடிப்பைப் பல்லின் வெளிப்பூச்சு உயரத்திலிருந்து கணக்கிடும் சூத்திரங்களும் உண்டு. அவை ஐரோப்பியர்களுக்கு ஒன்றாகவும் இந்தியத் துணைக்கண்டத்தவருக்கு வேறாகவும் இருக்கின்றன. ஆக, மண்டையோடு யாருடையது என்று முதலில் மானிடவியலாளர் செய்யும் ஊகம் பிசகினால், தவறான சூத்திரம் கைக்கு வரும். காது மடலைப் பற்றி எலும்பு ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முண்டின் திசையைப் பார்த்து, காதின் தொங்குபகுதி ஒட்டியதா தனித்துத் தொங்கியதா என்று சொல்வார்கள். அதற்கு மேல் கடையில் கிடைக்கும் பொதுவான காதுதான். சுருக்கம், மச்சம், புருவத்தின் அடர்த்தி, முடி, நிறம் எல்லாம் எலும்புக்கு வெளியே நடந்த சங்கதிகள்.

இத்தனை ஓட்டைகள் உள்ள ஒரு முறை கார்டிஃபில் வென்றது. நீவ் செய்த தலையின் படம் 1990 தொடக்கத்தில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. சில நாட்களுக்குள் அழைப்பு வந்தது. அரசுக் காப்பகப் பிள்ளைகளைக் கவனித்த சமூகப் பணியாளர்கள், இது 1981இல் தங்கள் பொறுப்பிலிருந்து காணாமல்போன 15 வயதுப் பெண் என்றார்கள். அவளுடைய பழைய பல் மருத்துவப் பதிவைத் தேடி எடுத்தார்கள், பொருந்தியது. பிறகு எரிகா ஹேகல்பெர்க் எலும்பிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க, டி.என்.ஏ. கைரேகையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸோடு சேர்ந்து அதைப் பெற்றோரின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். கொலையுண்டவரின் எலும்பை அப்படி அடையாளம் கண்ட தொடக்க நிகழ்வுகளில் அது ஒன்று. 1991இல் ஆய்வாக வெளிவந்தது. அதே ஆண்டு நீதிமன்றம் இருவருக்குத் தண்டனை விதித்தது.

இந்த ஒரு வெற்றி அந்தக் கலைக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதே நீவ், அதே ஆண்டுகளில், அதே முறையில் செய்த இன்னொரு தலையைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பெரிய பாடமாகத் தோன்றுகிறது.

1987 நவம்பர் 18 இரவு, லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டில் பற்றிய தீ 31 பேரைக் கொன்றது. முப்பது பேர் யார் என்று தெரிந்துவிட்டது. ஒருவர் மட்டும் மிஞ்சினார். பிணவறைச் சீட்டில் அவர் எண் 115. அவருக்கும் நீவ் முகம் செய்தார். படம் பல நாடுகளுக்குப் போனது. பல பேர் பல பெயர்களைச் சொன்னார்கள், எதுவும் பொருந்தவில்லை. பெயர் இல்லாமலே அவரைப் புதைத்தார்கள். 2004இல்தான் அவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்து லண்டனில் வீடின்றி அலைந்த ஒரு முதியவர் என்று உறுதியானது. உறுதிசெய்தது முகம் அல்ல. ஒரு காலத்தில் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தபோது வைத்த ஒரு சின்ன உலோக கிளிப்.

எங்கே தவறியது? உடலைப் பரிசோதித்தவர்கள் வயது 40க்கும் 60க்கும் இடையே என்று கணித்திருந்தார்கள். அவரோ எழுபதைக் கடந்தவர். முகம் செய்பவர் இந்த வயதை வாங்கித்தான் வேலையைத் தொடங்குகிறார். நாற்பத்தைந்து வயதுக்கும் எழுபது வயதுக்கும் இடையே தோல் தொய்கிறது, இமை சரிகிறது, கன்னம் ஒட்டுகிறது, மூக்கும் காதும்கூட நீளுகின்றன. முகத்தைப் பார்ப்பவரும் அந்த வயதை மனத்தில் வைத்தே பார்க்கிறார். ‘நாற்பதிலிருந்து அறுபதுக்குள்’ என்று படத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கும்போது எழுபது வயது அப்பாவை யார் தேடுவார்கள்?

கார்டிஃபில் வயதைப் பல் சொன்னது. வளரும் பருவத்தில் பல்வேர் தரும் வயதுக் கணக்கு ஓரிரு ஆண்டுக்குள் நிற்கும். எல்லாப் பற்களும் முளைத்து முடிந்த முதியவரிடம் அந்த வசதி கிடையாது. பதினைந்து வயது முகத்தில் சுருக்கமும் தொய்வும் இல்லை. அதோடு, அவளோடு பழகியவர்கள், அவள் என்னவானாள் என்ற கேள்வியோடு அதே வட்டாரத்தில் இருந்தார்கள். லண்டன் தெருவில் தனியாகத் திரிந்த முதியவருக்கு அதுவும் இல்லை. ஆகவே ஒரு களிமண் முகம் வென்றதா தோற்றதா என்பதை மட்டும் வைத்து அது எவ்வளவு ஒத்திருந்தது என்று முடிவு கட்ட முடியாது. படம் சரியான கண்ணில் படாவிட்டால் எவ்வளவு ஒத்த முகமும் வீண். படவேண்டியவர் கண்ணில் பட்டால் ஓரளவு ஒத்த முகமும் போதும்.

அப்படியானால் ஒற்றுமையை எப்படித்தான் அளப்பது? ஆஸ்திரேலியாவில் கார்ல் ஸ்டீஃபனும் மாசியே ஹென்னெபெர்க்கும் 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நான்கு மண்டையோடுகள்; அவை யாருடையவை என்பதும், உயிரோடிருந்தபோது எடுத்த புகைப்படங்களும் உண்டு. வெவ்வேறு முறைகளில் மொத்தம் 16 முகங்கள் செய்தார்கள். 37 பேரை அழைத்து, ஒவ்வொரு முகத்தையும் காட்டி, பத்துப் புகைப்படங்களில் இது யார் என்று கேட்டார்கள். பதினாறில் ஒரே ஒரு முகத்தைத்தான், கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பதைவிட நிச்சயமாக மேலான அளவில் மக்கள் சரியாகச் சொன்னார்கள். மற்ற பதினைந்தும் அந்தத் தேர்வில் தேறவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. அந்த 37 பேரும் இறந்தவர்களை அறியாதவர்கள். முன்பின் தெரியாத முகங்களை ஒப்பிடுவதில் மனிதர்கள் பொதுவாகவே சுமார்தான். தாய்க்கோ தோழிக்கோ ஒரு தாடை வளைவு, கண்களுக்கு இடையே உள்ள தூரம் போதும். பின்னால் வந்த கணினி வழிச் சோதனைகள் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன. உயிருள்ளவர்களின் தலையை ஸ்கேன் செய்து, எலும்பை மட்டும் கலைஞரிடம் கொடுத்து முகம் செய்யச் சொல்லி, பிறகு உண்மை முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முகப் பரப்பில் பாதிக்கும் மேல் 2.5 மில்லிமீட்டருக்குள் பொருந்தியது. பொருந்தாத மிச்சம் எங்கே என்றால் அதே மூக்கு நுனி, உதடு, கன்னம், காது. கணினி வந்ததால் வேலை வேகமானது; அழித்துத் திருத்துவது சுலபமானது. எலும்பில் இல்லாத தகவலை அதுவும் எங்கிருந்து கொண்டுவரும்?

நிறத்தின் கதையை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் நன்றாகக் காட்டுகிறார். 2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடம் ஒன்றின் கீழே அவரது எலும்புக்கூடு கிடைத்தது. மான்செஸ்டரில் நீவின் முறையில் பயின்ற கேரலைன் வில்கின்சன் அந்த மண்டையோட்டுக்கு முகம் செய்தார். 2013இல் வெளியான தலையில் கருமையான முடி, பழுப்புக் கண். பழைய ஓவியங்கள் அப்படித்தான் காட்டின. மறு ஆண்டு டி.என்.ஏ. முடிவு வந்தது. கண் நீலமாக இருந்திருக்க 96 விழுக்காடு வாய்ப்பு. முடி, சிறு வயதிலாவது, பொன்னிறமாக இருந்திருக்க 77 விழுக்காடு வாய்ப்பு. தலையின் எலும்பமைப்பைத் தொடாமல் விக்கையும் கண்ணையும் மாற்றினார்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறு யாரோ போலத் தோன்றியது. எலும்பு இம்மியும் மாறவில்லை.

அதே வில்கின்சன் நடத்தும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகத்திலிருந்து 2025இல் நமக்கும் இரண்டு முகங்கள் வந்தன. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை ஈமக்காட்டில் தாழிகளிலிருந்து எடுத்த, சுமார் 2,500 ஆண்டுகள் பழமையான இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கணினி வடிவில் அனுப்பியிருந்தார்கள். படம் வந்ததும் நம் ஊர் முகமா இல்லையா என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லத் தோன்றியது இயல்பு. ஆனால் அப்படித் தீர்ப்புச் சொல்ல நாம் முதலில் பார்ப்பது தோலின் நிறம், மீசை, உதடு, முடி. எலும்பு மிகக் குறைவாகப் பேசும் இடங்கள் அவைதான். நெற்றியின் சரிவு, கன்ன எலும்பின் அகலம், கண்களின் இடைவெளி ஆகியவற்றை நம்பலாம். மற்றவை நியாயமான ஊகங்கள். பூர்வீகத்தைச் சொல்ல வேண்டியது டி.என்.ஏ., முகம் அல்ல. இந்த மனிதர்களுக்கு ‘ஆமாம், இது அவர்தான்’ என்று சொல்ல ஒரு சமூகப் பணியாளரும் இல்லை. அந்த முகங்கள் எவ்வளவு சரி என்று சோதிக்க இனி வழியும் இல்லை.

நீதிமன்றத்திலும் இந்த வேறுபாடு முக்கியம். மண்டையோட்டின் படத்தின்மேல் ஒருவரின் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. சென்னைத் தடய அறிவியல் ஆய்வகம் இதில் நெடுங்காலமாகப் பேர் பெற்றது. மேற்கு வங்க வழக்கொன்றில் 1962இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சாட்சியமாக ஏற்றது. அதற்கு முதலில் ஒரு பெயரும் ஒரு புகைப்படமும் வேண்டும். பெயரே இல்லாதபோதுதான் முகம் செய்பவரைத் தேடிப் போகிறார்கள். அவர் செய்வது சாட்சியம் அல்ல, அழைப்பு. அந்த அழைப்பைக் கேட்டு யாராவது ஒரு பெயரைச் சொன்னால், பிறகு பல் பதிவும் டி.என்.ஏ.வும் தங்கள் வேலையைப் பார்க்கும்.

எனவே செய்தித்தாளில் இப்படி ஒரு முகம் வந்தால் அப்படியே புரட்டிவிடாதீர்கள். முடியையும் காதையும் விரலால் மறைத்துக்கொண்டு, கண்களின் இடைவெளியையும் தாடையின் வடிவத்தையும் பாருங்கள். கீழே போட்டிருக்கும் வயதுக்குப் பத்து இருபது கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ‘அச்சு அசல்’ என்று தோன்றும் என எதிர்பார்க்காதீர்கள். அப்படித் தோன்றுவது அபூர்வம். எங்கோ ஒரு சாயல் தட்டினால், நிச்சயம் இல்லாவிட்டாலும் படத்தின் கீழே உள்ள எண்ணுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது தவறானால் ஒரு பல் பதிவைத் தேடி ஒப்பிட்ட செலவோடு போயிற்று.